"நீயா எடுத்தே?" என்று கேட்காதீர்கள்

தை மாதம் டெல்டாவில் வீட்டுக்குள் ரொக்கம் புழங்கும் காலம். நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறது. ஆனால் அறுவடை மெஷின் வாடகை, மூட்டை தூக்கும் ஆட்களுக்குக் கூலி, டிராக்டர்காரருக்கு டீசல் எல்லாம் பெரும்பாலும் கையிலிருந்துதான் போகிறது. அப்பாவின் பர்ஸ் புடைத்திருக்கும், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. பிள்ளைகளின் கை பர்ஸுக்குள் போவதும் இந்த மாதிரி நாட்களில்தான்.

அதனால் முதல் வேலை பிள்ளையைக் கூப்பிடுவது இல்லை, எண்ணிப் பார்ப்பது. காலையில் எவ்வளவு இருந்தது, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், பால்காரருக்கு அம்மா அதிலிருந்து எடுத்துக் கொடுத்தாளா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதி வீடுகளில் "காணாமல் போன" பணம் இந்தத் தாளிலேயே கிடைத்துவிடும். எடுக்காத பிள்ளையைத் திருடன் என்று சொல்லிவிட்டால் பிறகு எத்தனை சமாதானம் சொன்னாலும் அது ஆறாது.

எண்ணியாயிற்று, 200 ரூபாய் குறைகிறது, ஐந்தாம் வகுப்புப் பையனின் ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு மடித்திருக்கிறது என்று வையுங்கள். இப்போது நம் வீடுகளில் என்ன நடக்கும்? பையனை நடுக்கூடத்தில் நிறுத்தி, ஒன்றும் தெரியாதவர் போல, "பர்ஸ்லேருந்து நீயா எடுத்தே?" என்று கேட்போம். என் கருத்தில் எல்லாம் கெடுவது இந்த ஒரு கேள்வியில்தான். பதில் நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்பது பொய் சொல்ல அவனுக்கு நாமே வாசலைத் திறந்துவிடுவது. அவன் "இல்லை" என்கிறான். அதுவரை பணத்தை எடுத்தது ஒன்றுதான் தப்பு. இப்போது பொய்யும் சேர்ந்துவிட்டது, நம் கோபமும் பணத்தை விட்டுவிட்டுப் பொய்யின் பின்னால் ஓடுகிறது.

அடுத்த கட்டம் இதைவிட மோசம். "கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணு" என்பார் பாட்டி. காசு வெட்டிப் போடப்போகிறேன் என்று மிரட்டுகிறவர்களும் உண்டு. பயத்தில் பையன் கற்பூரத்தை அணைத்தும் விடுவான். சாமி முன்னால் சொன்ன பொய்யை எந்தப் பத்து வயதுப் பிள்ளையாலும் மறுநாள் வந்து திருத்திச் சொல்ல முடியாது. இனி அவன் உண்மையைச் சொல்லவேண்டும் என்று நினைத்தாலும் வழி அடைபட்டுவிட்டது.

அடித்தால் உண்மை வரும் என்பவர்களுக்கு ஒரு தகவல். விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரண்டு குழந்தை உளவியல் ஆய்வாளர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் அடி விழும் பள்ளி ஒன்றையும் அடி விழாத பள்ளி ஒன்றையும் ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 3, 4 வயதுப் பிள்ளைகளிடம் பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டுத் தனியே விட்டார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். ஆனால் அடி விழும் பள்ளியில் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே பார்க்கவில்லை என்றார்கள், அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதிலும் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். சூடு போடுவது, மிளகாய்ப் புகை காட்டுவது பற்றி விவாதமே வேண்டாம். அது சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறைக்குரிய கொடுமை.

அப்படியானால் என்ன சொல்வது? தெரிந்ததைத் தெரிந்ததாகவே சொல்லுங்கள். தங்கச்சியும் பாட்டியும் இல்லாத இடத்தில், திண்ணையிலோ கொல்லைப்புறத்திலோ, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு: "தம்பி, என் பர்ஸ்லேருந்து நீ இருநூறு ரூவா எடுத்திருக்கேன்னு தெரியும். அடிக்க மாட்டேன். ஆனா அந்தக் காசு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியணும். யோசிச்சுட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லு." இதில் "இல்லை" என்று சொல்ல இடமே இல்லை. இடைவெளி விடுவது முக்கியம். முகத்துக்கு நேரே கேட்டால் பயம்தான் பதில் சொல்லும், இரண்டு மணி நேரம் கழித்தால் பிள்ளை சொல்லும்.

ஐம்பது ரூபாய் நோட்டு மாதிரி எதுவும் சிக்காமல் சந்தேகம் மட்டும் இருந்தால் பேச்சு வேறு. வீட்டில் எல்லோரும் இருக்கும்போது பொதுவாக, "பர்ஸ்ல இருநூறு குறையுது. எடுத்தவங்க நாளைக்குள்ள அஞ்சறைப்பெட்டி மேல வச்சிடுங்க, யாருன்னு கேக்க மாட்டேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னால் போதும். வைத்துவிட்டால் கேட்கவே கூடாது. வேண்டுமென்றே நூறு ரூபாயை மேசையில் போட்டு ஒளிந்திருந்து பார்ப்பது மட்டும் வேண்டாம். எலிக்குப் பொறி வைக்கலாம், பிள்ளைக்கு வைக்கக்கூடாது.

காசு எங்கே போனது என்பதில்தான் அடுத்த முடிவு இருக்கிறது. நம் பையன், நான்கு கூட்டாளிகளுக்குப் பள்ளிக்கூட வாசல் கடையில் 150 ரூபாய்க்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்தேன் என்கிறான். இது சேர்த்துக்கொள்ளப்படவேண்டும் என்ற ஆசை. இந்த வயதில் மிகச் சாதாரணம். ஆனால் வாங்கிய பொருள் எதுவும் கண்ணில் படவில்லை, குறிப்பிட்ட கிழமைகளில் அதே தொகை போகிறது, பள்ளிக்குப் போகத் தயங்குகிறான் என்றால் பெரிய பையன் யாரோ மிரட்டிப் பிடுங்குகிறான் என்று சந்தேகப்படுங்கள். அங்கே பிள்ளையைத் திருப்பிக் கட்டச் சொல்வது அநியாயம். நேரே தலைமை ஆசிரியரைப் பாருங்கள், அவர் அசையாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளையாக இருந்தால் போன் விளையாட்டுக்கு ரீசார்ஜ், புகையிலைப் பொட்டலம் இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பேசவேண்டும்.

தின்பண்டக் கணக்குக்கு வருவோம். பாக்ஸில் இருந்த ஐம்பதை அன்றைக்கே அவன் கையாலேயே பர்ஸில் வைக்கட்டும். மீதி 150. மன்னித்தேன் என்று விட்டுவிட்டால் அந்தத் தொகைக்கு எடையே இல்லாமல் போகும். ஐந்து வாரம், வாரத்துக்கு முப்பது ரூபாய் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டாமல் உங்கள் டைரியில் வையுங்கள். அவன் ஏற்கெனவே செய்யும் வேலைக்குக் காசு வைக்காதீர்கள், நாளைக்குத் தட்டுக் கழுவவும் கூலி கேட்பான். புது வேலை கொடுங்கள்: சனிக்கிழமை தென்னங்கீற்றில் ஈர்க்கு கிழித்து ஒரு விளக்குமாறு கட்டுவது, அல்லது களத்தில் காயும் நெல்லுக்குக் கோழி வராமல் பார்த்துக்கொள்வது. இரண்டு மணி நேர வேலைக்கு முப்பது ரூபாய். ஐந்து வாரத்துக்கு மேல் இழுத்தால் பத்து வயதுக்காரனுக்கு எதற்காக வேலை செய்கிறோம் என்பதே மறந்துவிடும், வெறும் தண்டனையாகிவிடும்.

சரிக்கட்டவேண்டியது நம் பக்கமும் உண்டு. வாரம் இருபது ரூபாயாவது கணக்குக் கேட்காத கைச்செலவு கொடுங்கள். எதற்கும் கைநீட்டிக் கெஞ்சவேண்டியிருக்கும் பிள்ளைக்குப் பர்ஸ்தான் குறுக்கு வழி. அம்மாவின் அஞ்சறைப்பெட்டிக் காசைச் சொல்லாமல் எடுத்து, கேட்டால் சிரிக்கும் அப்பாக்களும் கொஞ்சம் யோசிக்கலாம், பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாம் முறை எடுத்தால் இதே முறைதான், பர்ஸை மட்டும் பீரோவுக்குள் வையுங்கள். மூன்று மாதத்துக்குள் நான்கைந்து முறை, தொகையும் ஏறிக்கொண்டே போகிறது, கூடவே பள்ளிக்கு மட்டம், தூக்கமின்மை என்றால் அது வீட்டு அளவில் தீர்கிற விஷயம் இல்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

கடைசி முப்பது ரூபாய் வந்த அன்று டைரியில் அவனையே கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். அடுத்த பொங்கலுக்குச் சித்தப்பா வரும்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "அது முடிஞ்சு போச்சு" என்று நீங்கள்தான் முதலில் சொல்லவேண்டும்.