இசட் ஸ்ப்ரெட் கூடுதல் என்றால் கூடுதல் லாபமா?

"ஒரே ரேட்டிங், ஒரே கால அளவு. கால்லபிள் பாண்டின் இசட் ஸ்ப்ரெட் 180, சாதாரண பாண்டுக்கு 140. அப்போ 40 பேசிஸ் பாயிண்ட், அதாவது 0.4%, சும்மா கிடைக்குது!"

சும்மா இல்லை. கால்லபிள் பாண்டை முதிர்வுக்கு முன்பே திரும்ப வாங்கும் உரிமை, அதாவது ஆப்ஷன், அதை வெளியிட்ட நிறுவனத்துக்கு உண்டு. இசட் ஸ்ப்ரெட் கணக்கு, பாண்டு முதிர்வு வரை அப்படியே இருக்கும், எல்லா வட்டியும் வந்து சேரும் என்று எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கால அளவுக்கும் உள்ள வட்டியைக் காட்டும் ஸ்பாட் வட்டி வளைவின் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு கூட்டித் தள்ளுபடி செய்தால் சந்தை விலை வரும்? அந்த ஒரே எண்தான் இசட் ஸ்ப்ரெட். ஆனால் வட்டி விகிதம் இறங்கினால் நிறுவனம் பாண்டைத் திரும்ப வாங்கிவிடும், பெரும்பாலும் நமக்கு அது நன்றாக ஓடும் நேரத்தில்.

ஆப்ஷன் அட்ஜஸ்டட் ஸ்ப்ரெட், சுருக்கமாக ஓஏஎஸ், இதைக் கணக்கில் எடுக்கிறது. வட்டி ஏறி இறங்கும் பாதைகளை ஒரு மரமாக வரைந்து, திரும்ப வாங்கலாம் என்ற தேதிகளில் பாண்டின் மதிப்பு நிறுவனம் திரும்ப வாங்கும் விலையைத் தாண்டினால் அங்கேயே வெட்டிவிட்டு, பிறகு சந்தை விலைக்குப் பொருந்தும் ஸ்ப்ரெட்டைத் தேடுகிறது.

நாம் நிறுவனத்துக்கு விற்ற அந்த உரிமையின் விலை, உதாரணத்துக்கு, 60 என்று வரட்டும். 180-இல் 60 போனால் ஓஏஎஸ் 120. சாதாரண பாண்டில் ஆப்ஷன் இல்லை, அதனால் அதன் ஓஏஎஸ்ஸும் 140தான். 40 கூடுதல் என்று நினைத்தது உண்மையில் 20 குறைவு!

கடன் அபாயமும் விற்கமுடியாத சிரமமும் ஓஏஎஸ்ஸுக்குள் இன்னும் இருக்கின்றன. ஆப்ஷன் மட்டுமே கழிகிறது. அப்புறம், இருவர் ஒரே பாண்டுக்கு வேறு வேறு ஓஏஎஸ் சொன்னால், முதலில் வட்டி எவ்வளவு ஏறி இறங்கும் என்று அவர்கள் வைத்த வாலட்டிலிட்டியைக் கேளுங்கள். அதைக் கூட்டினால் ஆப்ஷன் விலை ஏறும், ஓஏஎஸ் இறங்கும். இசட் ஸ்ப்ரெட் அசையாது.