முதுகைத் தேடாதீங்க சார்

அந்த ஸ்கிரீன்ஷாட்ட நீங்களும் பாத்திருப்பீங்க. இடது பக்கம் இங்கிலீஷ் ஸ்லோகன், வலது பக்கம் தமிழ் ஹோர்டிங், தமிழ்ல "விட்டுப்போன" வார்த்தைக்கு ஒரு செவப்பு வட்டம், கீழ "இத எழுதினவனுக்கு இங்கிலீஷே தெரியல"ன்னு தீர்ப்பு. யார் டைம்லைனுக்குப் போனாலும் அதான் ஓடிட்டிருக்கு, ஹாஹா போட்டவங்கள்ல பாதிப் பேர் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்கறவங்க. விளம்பரத்துக்குத் தமிழ்ல லைன் எழுதறதுதான் என் வேலை, ஆனா அந்த லைன் நான் எழுதினது இல்ல. முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா "ஓ, அதான் இவ்ளோ கோவமா"ன்னு ஒருத்தர் கெளம்பி வருவார்.

விஷயம் இவ்ளோதான். ஸ்லோகன யாரும் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்கறதில்ல. அந்த இங்கிலீஷ் லைன் படிக்கறவன் மனசுல என்ன பண்ணுதோ, அதயே தமிழ் படிக்கறவன் மனசுல பண்ற மாதிரி வேற ஒரு லைன் எழுதணும். ட்ரான்ஸ்கிரியேஷன்னு இதுக்கு ஒரு பேரே இருக்கு. அதுல வார்த்தை காணாமப் போகும். போய்த்தான் ஆகணும்.

உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணமே சொல்றேன். சர்ஃப் எக்செல்லோட "கறை நல்லது". யூனிலீவர் உலகம் பூரா பயன்படுத்தற இங்கிலீஷ் லைன் "டர்ட் இஸ் குட்". உங்க செவப்பு வட்டக் கணக்குப்படி அது "அழுக்கு நல்லது"ன்னு வந்திருக்கணும். வீட்ல அம்மாகிட்ட போய் சொல்லிப் பாருங்க, அழுக்கு நல்லதுன்னு. அழுக்குன்னா குளிக்காதது, தொவைக்காதது, அசிங்கம். கறை அப்படி இல்ல, எதையோ பண்ணப் போய் துணியில ஒட்டிக்கிட்டது. கறைன்னு சொன்னாலே பின்னாடி ஒரு கதை இருக்கு, புள்ள எங்கயோ விழுந்திருக்கு, யாருக்கோ உதவி பண்ணியிருக்கு. தங்கச்சி சேத்துல விழுந்துட்டான்னு அந்த சேத்தயே போட்டு அடிப்பானே ஒரு பையன், அந்த விளம்பரத்துக்கு "அழுக்கு நல்லது" ஒட்டுமா? அதுவும் போக, கறை சோப்புத்தூள் விக்கறவன் கையில இருக்கற பிரச்சனை, அழுக்குப் பையன் அவன் கையில இல்ல.

"அது ஹிந்தியில இருந்து வந்ததுதானே"ன்னு கேப்பீங்க. ஹிந்தியிலயும் "தாக் அச்சே ஹைன்"தான், ஒத்துக்கறேன். ஆனா அங்க பன்மை, இங்க ஒருமை. "கறைகள் நல்லவை"ன்னு வந்திருந்தா ஆறாம் வகுப்பு பாடப்புத்தகம் மாதிரி இருந்திருக்கும், ஒரு குழந்தை வாயிலயும் வந்திருக்காது. இப்படி ஒரு "கள்"ள தூக்கிப் போடறதுதான் சார் எங்க வேலை. அதுக்கெல்லாம் யாரும் வட்டம் போட்டுக் காட்ட மாட்டீங்க.

என் கதைக்கு வரேன். ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனி, பேர் வேணாம். இங்கிலீஷ் லைன் "வீ ஹேவ் காட் யுவர் பேக்", அதாவது கஷ்டத்துல உங்களுக்குத் துணையா நிப்போம்னு. அப்படியே போட்டா "உங்க முதுகு எங்ககிட்ட இருக்கு". ஆள் கடத்தல் கும்பல் போன் பண்ற மாதிரி இருக்கும். அதனால முதல்ல யோசிக்க வேண்டியது இத யாரு, எந்த நேரத்துல படிக்கறாங்கன்னுதான். ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டர்ல, கையில ஃபைலோட, அட்வான்ஸ் எவ்ளோ கேப்பாங்களோன்னு நிக்கற ஒரு ஆள். அந்த இடத்துல நம்ம வீட்டுப் பெரியவர் யாராவது வந்தா என்ன சொல்வார்? "ஏன் பயப்படறே, நாங்க இருக்கோம்ல."

அதான் லைன். "நாங்க இருக்கோம்ல."

இன்னும் ரெண்டும் எழுதினேன். அதுல ஒண்ணு "எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்". லீகல் டீம் அடிச்சுட்டாங்க, அது சரிதான், பாலிசியில இது கவராகாது அது கவராகாதுன்னு பக்கம் பக்கமா இருக்கும்போது "எல்லாத்தையும்"னு சொன்னா அது பொய் வாக்குறுதி. அதுல எனக்கு வருத்தமே இல்ல.

வருத்தம் "நாங்க இருக்கோம்ல"வுக்கு நடந்ததுலதான். இந்த வேலையில ஒவ்வொரு தமிழ் லைனுக்கும் பக்கத்துல பேக் ட்ரான்ஸ்லேஷன்னு ஒண்ணு, அந்தத் தமிழயே திருப்பி இங்கிலீஷ்ல எழுதித் தரணும், தமிழ் தெரியாத கிளையன்ட்டுக்கு அர்த்தம் புரியறதுக்காக. அதுக்கும் பக்கத்துல ஏன் இப்படி எழுதினோம்னு ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்புதான் முக்கியம், அத யாரும் படிக்க மாட்டாங்க. கிளையன்ட்கிட்டேர்ந்து போன் வந்துச்சு: "வேர் இஸ் பேக்? அப்புறம் இது ஏன் கேள்வி மாதிரி இருக்கு, நமக்கே கான்ஃபிடென்ஸ் இல்லையா?" கடைசியில இருக்கற அந்த "ல" கேள்வி இல்ல சார், அதுலதான் மொத்த தைரியமும் இருக்கு, அத எடுத்துட்டு "நாங்கள் இருக்கிறோம்"னு போட்டா அட்டென்டன்ஸ் எடுக்கும்போது கை தூக்கற மாதிரி ஆயிடும்னு சொல்லிப் பாத்தேன். கேக்கல. கடைசியில என்ன போட்டாங்க தெரியுமா? "உங்கள் பின்னால் நாங்கள்." இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆள தொரத்திட்டு வர்ற மாதிரி! அது ஹோர்டிங்ல ஏறின வாரமே ஒருத்தர் போட்டோ எடுத்துப் போட்டு, "எவன்டா இந்தத் தமிழ எழுதினது"ன்னு கேட்டிருந்தார். வார்த்தைய விட்டாலும் எங்களுக்குத் திட்டு, புடிச்சுத் தொங்கினாலும் எங்களுக்குத்தான் திட்டு.

"அப்போ உங்க இஷ்டத்துக்கு என்ன வேணா எழுதுவீங்களா"ன்னு ஒரு கேள்வி வரும். இல்ல. ஒரு ஷாம்பூ இங்கிலீஷ்ல "முடி உதிர்றத குறைக்க உதவும்"னு சொன்னா நான் தமிழ்ல "நிறுத்தும்"னு எழுத முடியாது. பொருள் என்ன பண்ணும்னு சொல்ற வாக்குறுதி அப்படியே வரணும், ஒரு இஞ்ச் ஏறக் கூடாது. மத்தது எல்லாம் மாறலாம். லைன் நின்னுச்சா இல்லையான்னு பாக்க ஒரு வழி இருக்கு: இங்கிலீஷ மறைச்சுட்டு, அத பாக்கவே பாக்காத ஒருத்தர்கிட்ட தமிழ மட்டும் காட்டி சத்தமா படிக்கச் சொல்லுங்க. எங்கயாவது தடுக்கி நின்னாலோ, "இது எதுலேர்ந்து எடுத்தது"ன்னு கேட்டாலோ அந்த லைன் செத்துடுச்சு. நீங்க பண்றது நேர் எதிர், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வார்த்தைய எண்றீங்க. ஹோர்டிங்க பைக்ல போறவன் அப்படியா பாக்கறான்?

"வெளிநாட்டுக்காரன் இப்படியெல்லாம் மாத்த மாட்டான்"னும் ஒரு அண்ணன் எழுதியிருந்தார். ஹரிபோன்னு ஜெர்மன் மிட்டாய் கம்பெனி இருக்குண்ணே. ஜெர்மன் லைனோட அர்த்தம் "ஹரிபோ குழந்தைகள சந்தோஷப்படுத்தும், பெரியவங்களையும்தான்", அதுல எதுகை இருக்கு, பாட்டா பாடுவாங்க. இங்கிலீஷ்ல அந்த எதுகைய காப்பாத்தறதுக்காக "ஹரிபோவின் மகிழ்ச்சி உலகம்"னு ஜெர்மன்ல இல்லாத ஒரு உலகத்தையே உள்ள கொண்டுவந்துட்டாங்க. அவன் பண்ணா கிரியேட்டிவ், நான் பண்ணா இங்கிலீஷ் தெரியாதவன்.

பேச்சுத்தமிழ்ல எழுதி மொழிய கெடுக்கறோம்னு சொல்றவங்களுக்கு பதில் இல்ல, நேரமும் இல்ல.

நெஜமாவே புரியாம எழுதின மோசமான லைன்களும் இருக்கு, நெறைய இருக்கு. அது ஏன் வருதுன்னு யாராவது கேட்டீங்களா? பாதி விளம்பரம் ஹிந்தியில எடுத்து முடிச்சப்புறம்தான் எங்ககிட்ட வரும், நடிகையோட உதடு எங்க மூடுதோ அங்க தமிழ்லயும் "ம"வோ "ப"வோ வரணும், இன்னிக்கி சாயந்தரம் டப்பிங், மதியத்துக்குள்ள லைன் வேணும்பாங்க. அதுவும் போக காசு வார்த்தைக்கு இவ்ளோன்னு கணக்கு. "நாங்க இருக்கோம்ல" எத்தனை வார்த்தை? ரெண்டு. ரெண்டு வார்த்தைக்கு இன்வாய்ஸ் போட்டுப் பாருங்க, அக்கவுன்ட்ஸ்ல இருந்து போன் பண்ணி "மேடம், மினிமம் பில்லிங் கூட வரல, அடுத்த வேலையோட சேத்து அனுப்பிடுங்களேன்"பாங்க. நானும் சேத்துதான் அனுப்பினேன், ஒரு ப்ரோஷரோட. ப்ரோஷர்ல நெறைய வார்த்தை இருந்துச்சு, அதுக்கு ஒழுங்கா காசு வந்துச்சு.