நான்கு அட்டைப் புதிர்: சுற்றி வரும் விடை தவறு

“அ, க, 4, 7 என நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ‘ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண்’ என்ற விதி சரியா என்று பார்க்க, அ, 4 இரண்டையும் திருப்பினால் போதும்.”

இல்லை. திருப்ப வேண்டியவை அ, 7.

4-ஐத் திருப்பிப் பாருங்கள். பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதியோடு ஒத்துப்போகும். சரி, வேறு எழுத்து இருந்தால்? அப்போதும் விதி உடையாது. இரட்டைப்படை எண்ணுக்குப் பின்னால் உயிரெழுத்துதான் இருக்க வேண்டும் என்று அது சொல்லவே இல்லையே. எது வந்தாலும் பயனில்லை. 7-க்குப் பின்னால் ‘இ’ இருந்தாலோ, விதி அங்கேயே காலி. க-வைப் பற்றி விதிக்குக் கவலையே இல்லை.

விதியைத் தலைகீழாகவும் பொருந்துவதாக எடுத்துக்கொண்டால் நான்கையும் திருப்ப வேண்டிவரும். எப்படிப் பார்த்தாலும் ‘அ, 4’ மட்டும் விடையாகாது.

தவறியவர்கள் வருந்த வேண்டாம். உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் வெளியிட்ட இந்தப் புதிரில் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ஆனால் 1982-இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் இதையே வேறு வேடத்தில் கொடுத்தார்கள்: ‘பீர் குடிப்பவர் 19 வயதைத் தாண்டியிருக்க வேண்டும்.’ அட்டைகள்: பீர், கோக், 22, 16. பெரும்பாலானோர் பீரையும் 16-ஐயும் சரியாகத் திருப்பினார்கள். அந்த 16 வயதுப் பையன்தான் நம் 7.