மினாக்சிடிலும் முகத்து முடியும்

“மினாக்சிடில் போட்டா பொண்ணுங்களுக்கு ஆண் ஹார்மோன் ஏறி முகத்துல முடி வரும், நிறுத்தினாலும் போகாது.”

முடி வரலாம், சரி. ஆனால் முடி வளரத் தலையில் பூசும் மினாக்சிடில் ஹார்மோன் மருந்து இல்லைங்க. படும் இடத்து முடி வேரைத் தூண்டுவது. மருந்து தலையணையில் ஒட்டி முகத்தில் படுவதால்தான் முடி வருகிறது என்று காட்பாடி அக்கா ஒருவர் சொன்னது பாதி சரி. ஈரத்தோடு படுத்தால் கன்னத்தில் ஒட்டும், வேலூர் வெயிலில் வியர்வையோடு நெற்றிக்கும் வழியும். மீதி, தோல் வழியே ரத்தத்தில் கலக்கும் சிறு அளவு. அதனால்தான் கவனமாகப் பூசியும் சிலருக்கு வருகிறது, 2 சதவீதத்தைவிட 5 சதவீதக் கரைசலில் அதிகமாக.

காய்ந்த தலையில் சொன்ன அளவு மட்டும் பூசி, உடனே கை கழுவி, படுக்க 2 மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். நிறுத்தினால் முகத்து முடி பெரும்பாலும் சில மாதங்களில் உதிர்ந்துவிடும். டப்பாவுக்குள் மடித்திருக்கும் தாளில் பக்கவிளைவுப் பகுதியைப் படித்துப் பாருங்கள். மாதவிடாயும் தவறுகிறது என்றால் வேறு காரணம் இருக்கலாம், அதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.