உம்ம்ம்... டிக்! இதுக்குப் பேரு கம்ப்ரஸர் போச்சா?

ஃப்ரிட்ஜ் ஓடலன்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், வந்தாரு. பின்னாடி குனிஞ்சு கம்ப்ரஸர் மேல கைய வச்சாரு. "அய்யோ, கொதிக்குது சார். கம்ப்ரஸர் போச்சு, கேஸும் போயிருக்கும். 7500 ஆகும்." மொத்தமா ரெண்டு நிமிஷம். ஒரு ஸ்குரூவைக் கூடக் கழட்டல, மல்டிமீட்டர் பையை விட்டே வெளிய வரல. பார்க்க வந்ததுக்கு 350 ரூபாய் வாங்கிட்டுப் போனாரு.

வயிறு எரியுது. நான் அவர்கிட்ட வாசல்லயே சொன்னேன்: அண்ணே, லைட் எரியுது. ஆனா பின்னாடி எட்டு செகண்டு "உம்ம்ம்"னு ஒரு முனகல், அப்புறம் "டிக்", அப்புறம் மூணு நிமிஷம் சத்தமே இல்ல. மறுபடி உம்ம்ம், டிக். ராத்திரி பூரா இதே கதை. இதைக் கேட்ட உடனே, கம்ப்ரஸரைக் கிளப்பிவிடற ரிலேவைப் பார்க்கணும்னு தோண வேண்டாமா?

கேஸ் போனா கம்ப்ரஸர் ஓடும். நிக்காம ஓடும், ஆனா குளிர் வராது. இங்க ஓடவே இல்லையே! ஓடாத கம்ப்ரஸரை வச்சு கேஸ் போச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்? கொதிக்குதுன்னா? மோட்டார் சுத்த முடியாம நிக்கும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டு இழுக்கும். கொதிக்காம என்ன செய்யும்? அந்தச் சூடு தாங்காம, மோட்டாரைக் காப்பாத்த இருக்கற ஓவர்லோடு ஸ்விட்ச் கரண்டை கட் பண்றதுதான் அந்த "டிக்". ஆறினதும் அதுவே திரும்பச் சேருது, மறுபடி முனகல்.

மோட்டார் சுத்த ஆரம்பிக்க, ரன்னிங் காயில் மட்டும் போதாது, ஸ்டார்டிங் காயிலும் ஒரு தள்ளு தள்ளணும். அந்தத் தள்ளைக் கொடுத்துட்டு ஒதுங்கற வேலைதான் பிடிசி ரிலேக்கு. உள்ள காசு மாதிரி ஒரு பீங்கான் வில்லை. ஆறியிருக்கும்போது கரண்டை விடும். ஒரு செகண்டு போல ஆனதும் சூடேறி, ரெசிஸ்டன்ஸ் ஆயிரக்கணக்கான ஓம்ஸுக்கு எகிறி, ஸ்டார்டிங் காயிலைக் கிட்டத்தட்டத் துண்டிச்சிடும். வில்லை உடைஞ்சா தள்ளே கிடையாது. வெறும் முனகல்தான்.

மனசு கேக்காம பிளக்கைப் பிடுங்கிட்டு நானே உட்கார்ந்தேன். மூடியைக் கழட்டி, கம்ப்ரஸர் பின்னுல இருந்து ரிலேவை நேரா இழுத்தேன். காதுகிட்ட வச்சுக் குலுக்கினா கலகலன்னு சத்தம்! கருகின வாடை வேற. மீட்டர் வச்சா ஓப்பன், உள்ள தொடர்பே இல்ல. நல்ல ரிலேன்னா, ஆறின நிலையில சில ஓம்ஸ்ல இருந்து சில பத்து ஓம்ஸுக்குள்ள காட்டணும். பல மாடல்ல அந்த மதிப்பு மேலயே எழுதியிருக்கும்.

கம்ப்ரஸரையும் சும்மா விடல. மூணு பின்: ரன்னிங் காயிலுக்கு ரன், ஸ்டார்டிங் காயிலுக்கு ஸ்டார்ட், ரெண்டுக்கும் பொதுவா காமன். காமனுக்கும் ரன்னுக்கும் 14 ஓம்ஸ், காமனுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 19, ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 33. முதல் ரெண்டும் சேர்ந்தா மூணாவது வருதா? வருது. எந்தப் பின்னுக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கா? இல்ல. காயில் நல்லா இருக்கு! இதைப் பார்க்க அஞ்சு நிமிஷம் ஆச்சு.

பெரிய ஃப்ரீசர் மாதிரி சிலதுல, அந்தத் தள்ளுக்குப் பலம் கூட்ட ஸ்டார்ட் கப்பாசிட்டரும் இருக்கும். அது போனாலும் இதே முனகல், இதே டிக்தான். உப்பியிருந்தாலோ, ஒழுகியிருந்தாலோ, மீட்டர்ல அளந்தா எழுதினதைவிட ரொம்பக் கம்மியா காட்டினாலோ மாத்திடணும். அளக்கறதுக்கு முன்னாடி ரெசிஸ்டர் வச்சு அதுல தங்கின சார்ஜை இறக்கணும், இல்லன்னா கையில அடிக்கும். என் ஃப்ரிட்ஜுல அது இல்ல, அதனால ரிலேவோட முடிஞ்சது.

அதே ஓம்ஸ்ல, அதே பின் அமைப்புல புது ரிலே, ஓவர்லோடோட சேர்த்து 280 ரூபாய். மாட்டிப் போட்டேன். ஒரு முனகல் கூட இல்லாம ஓட ஆரம்பிச்சுது. 7500 எங்க, 280 எங்க!

புது ரிலே போட்டும் அதே டிக் வந்திருந்தா, வோல்டேஜ் பார்த்திருப்பேன். அதுவும் சரின்னா உள்ள ஜாம் ஆயிடுச்சுன்னு நானே ஒத்துக்கிட்டிருப்பேன். கரண்டு போய் உடனே வந்தா நல்ல ஃப்ரிட்ஜும் ஒரு தடவை இப்படி முனகும். வில்லையும் ஆறியிருக்காது, உள்ள பிரஷரும் இறங்கியிருக்காது. அஞ்சு நிமிஷம் விட்டா தானா கிளம்பிடும். அதைப் பார்த்துப் பயந்து யாரும் கம்ப்ரஸர் மாத்திடாதீங்க.

எத்தனை வீட்டுல நல்ல கம்ப்ரஸர் காயலான் கடைக்குப் போயிருக்கும்னு நினைச்சாலே ஆத்திரம் அடங்கல. இதுல நேத்து அரைச்ச ரெண்டு படி இட்லி மாவு பொங்கி வழிஞ்சு புளிச்சுப் போச்சு. வெளிய வச்சிருந்த பாத்திரத்துக்கு மூடி தேடினா மூடியைக் காணோம். இந்த வீட்டுல எடுத்த மூடியை எடுத்த இடத்துல வைக்க ஒருத்தருக்கும் தெரியாதா?