"மத்த மூணு கடை நார்மல்"

எங்கள் டீமில் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கும் ஆறு ரெப்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர்கள் அனுப்பும் மெசேஜ்களை எல்லாம் ஒரே மாதிரியான விசிட் ரிப்போர்ட்டாக்கி, இரவு ஒன்பதுக்குள் ரீஜினல் மேனேஜருக்கு அனுப்புவது என் வேலை. ஒருவர் நான்கு வரி டைப் பண்ணுவார். ஒருவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு வாய்ஸ் மெசேஜ் போடுவார். இன்னொருவர் ஆர்டர் புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, அதோடு முடிந்தது என்று இருந்துவிடுவார்.

இந்த வேலையைப் பற்றி எனக்கு ஒரு உறுதியான கருத்து இருக்கிறது. தொகுப்பவர் செய்யக் கூடாத முதல் காரியம், ரெப் சொல்லாததைத் தானாக நிரப்புவது. கட்டம் காலியாக இருந்தால் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், கை பரபரக்கும். ஆனாலும் நிரப்பக் கூடாது.

போன வாரம் ஒரு தம்பி அனுப்பிய மெசேஜை அப்படியே போடுகிறேன்:

"மார்க்கெட் கடை பார்த்தாச்சு அண்ணே. நல்ல ரெஸ்பான்ஸ். 10 சொல்லியிருக்கார். பாக்கி திங்கள் தரேன்னார். முனைக் கடை மூடியிருந்துச்சு. மத்த மூணு கடை நார்மல்."

அவசரத்தில் இதை ரிப்போர்ட் ஆக்கினால் எப்படி வரும்? விசிட் 5, ஆர்டர் 10 கேஸ், கலெக்ஷன் திங்கட்கிழமை, மார்க்கெட் கடையில் நல்ல வரவேற்பு. படிக்க அழகாக இருக்கும். மேனேஜரும் கேள்வி கேட்க மாட்டார். ஆனால் அதில் பாதி என் கற்பனை.

அந்த 10 என்பது கேஸா, பீஸா? எங்கள் பொருளில் ஒரு கேஸுக்கு 12 பீஸ். 10 கேஸ் என்றால் 120 பீஸ். 10 பீஸ் என்றால் ஒரு கேஸ் கூட இல்லை. அடுத்தது, "சொல்லியிருக்கார்" என்றால் யார் சொன்னது? முதலாளியா, கடையில் நிற்கும் பையனா? சொன்னது ஆர்டரா, இல்லை "பார்க்கலாம்" என்ற பேச்சா? "நார்மல்" என்றால் என்ன? அதோடு, அன்றைக்கு அந்தத் தம்பியின் பீட்டில், அதாவது அன்று அவர் போக வேண்டிய வரிசையில், எட்டுக் கடைகள். மெசேஜில் ஐந்துதான் இருக்கிறது. மீதி மூன்றைப் பற்றிப் பேச்சே இல்லை. சொல்லவில்லை என்பதற்காகப் போகவில்லை என்று எழுதிவிட முடியாது.

நான் போன் பண்ணுவதில்லை. நாள் முழுக்க வண்டியில் சுற்றி வந்தவரை விசாரணை மாதிரி குடைந்தால், நாளைக்கு அவர் இன்னும் குறைவாகத்தான் எழுதுவார். ஒரே ஒரு மெசேஜ், அதில் மூன்று கேள்விகள், ஓரிரு வார்த்தையில் பதில் சொல்கிற மாதிரி. அன்றைக்குக் கேட்டவை இவைதான்: "10 கேஸா பீஸா, யார் சொன்னது? அந்த மூணு கடை எது எது, ஆர்டர் உண்டா இல்லையா? பீட்ல மீதி மூணு கடைக்குப் போனீங்களா?"

இருபது நிமிடத்தில் பதில் வந்தது. 10 பீஸ்தான். கடைப் பையன் சொன்னது, முதலாளி வியாழக்கிழமை முடிவு சொல்வார். "நார்மல்" கடைகளில் ஒன்றில் 3 கேஸ் ஆர்டர். இன்னொன்றில் சரக்கு போதுமான அளவு இருக்கிறது, ஆர்டர் இல்லை. மூன்றாவது கடையில், தேதி முடிந்த சரக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கடைக்காரர் சத்தம் போட்டிருக்கிறார். அங்கே மட்டும் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறார் தம்பி. அதனால்தான் கடைசி இரண்டு கடைக்குப் போக முடியவில்லை. போன ஒரு கடையை மெசேஜில் எழுத மறந்துவிட்டார், அங்கே 2 கேஸ் ஆர்டர்.

சரி, இப்போது கணக்கு: பீட்டில் 8, போனது 6, ஆளைப் பார்த்துப் பேசியது 5, ஆர்டர் கொடுத்தது 2 கடை, மொத்தம் 5 கேஸ். முதலில் நான் எழுதியிருக்கக்கூடிய "10 கேஸ்" எங்கேயுமே இல்லை. அன்றைய நாளின் பெரிய செய்தியான அந்தப் புகார் "நார்மல்" என்ற ஒரு வார்த்தைக்குள் புதைந்து கிடந்தது. அந்தத் தம்பி மறைக்கவில்லை. கடைக்காரர்களின் கோபம் அவருக்குத் தினப்படி சமாச்சாரம், அதனால் அவர் கணக்கில் அது நார்மல்.

ஆர்டர் கட்டத்தில் நான் மூன்று விதமாக மட்டும் எழுதுகிறேன். எண் போட்டால் கடைக்காரர் உறுதியாகக் கொடுத்த ஆர்டர். பூஜ்யம் போட்டால் கேட்டும் கொடுக்கவில்லை. "தகவல் இல்லை" என்றால் ரெப் சொல்லவில்லை, கேட்டும் பதில் வரவில்லை. பூஜ்யத்தையும் தகவல் இல்லை என்பதையும் கலந்துவிட்டால் மாதக் கடைசியில் யாராலும் பிரிக்க முடியாது. வாக்குறுதிகளுக்குத் தனிக் கட்டம், அதில் தேதியும் சொன்ன ஆளும் கட்டாயம். அந்த மார்க்கெட் கடை வரி கடைசியில் இப்படிப் போனது: "மார்க்கெட் கடை. பார்த்தது: கடைப் பையன். ஆர்டர்: 0. வசூல்: 0. எதிர்பார்ப்பு: 10 பீஸ், முதலாளி வியாழன் சொல்வார், பாக்கி திங்கள் தருவதாகப் பையன் சொன்னது." "நல்ல ரெஸ்பான்ஸ்" அதில் இல்லை. அது ரெப்பின் மனநிலை, கடையின் நிலவரம் இல்லை.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்க ஒரு காரணம் உண்டு. முன்பு ஒரு கம்பெனியில் இதே வேலை பார்த்தபோது, இப்படி வந்த ஒரு மொட்டை எண்ணை நானே கேஸ் என்று எடுத்துக்கொண்டு ரிப்போர்ட் போட்டேன். அதை நம்பி மேலே சரக்கு ஒதுக்கினார்கள். வண்டி போய் இறக்கப் பார்த்தபோது கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். பேச்சு வாங்கியது அந்த ரெப். அவர் அனுப்பிய மெசேஜில் ஒரு தப்பும் இல்லை, தப்பு என் ஊகத்தில். நான் போய்ச் சொன்ன பிறகும் அவர் பெயரில் அந்தக் கறை கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ரெப்பின் மூல மெசேஜை ஒரு தனி கட்டத்தில் அப்படியே ஒட்டி வைக்கிறேன். சந்தேகம் வந்தால் யார் சொன்னது, யார் ஊகித்தது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பலர் கேட்பார்கள், ரெப்களிடமே ஒரு ஃபார்மைக் கொடுத்து நிரப்பச் சொல்லிவிடலாமே என்று. அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. எல்லாக் கட்டமும் கட்டாயம் என்று வைத்ததும் எல்லாக் கட்டமும் நிரம்பி வந்தது, "ஓகே", "குட்", "0" என்று. இஷ்டப்படி எழுதிய மெசேஜிலாவது "நார்மல்" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க முடிந்தது. "ஓகே" என்று வந்தால் எதைப் பிடிப்பது? அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கடையை விட்டு இறங்கியதும் கடைப் பெயரும் ஒரு வரியும் அப்போதே போடுங்கள். ராத்திரி ஞாபகத்திலிருந்து எழுதும்போதுதான் கடைகள் காணாமல் போகின்றன.

இந்த ரிப்போர்ட் ரெப் சொன்னதைத்தான் காட்டும், கடையில் நடந்ததை அல்ல. அதற்கு மேனேஜரே மாதத்தில் சில நாள் கூடப் போய்த்தான் ஆக வேண்டும்.

அன்றைய ரிப்போர்ட்டின் உச்சியில், எண்களுக்கும் முன்னால், ஒரே வரி போட்டேன்: "உங்கள் முடிவு வேண்டும்: தேதி முடிந்த சரக்கைத் திரும்ப எடுப்பதா, 1 கடை." ஒன்பதே காலுக்கு மேனேஜர் அந்தத் தம்பிக்கே போன் போட்டு, எத்தனை பீஸ் என்று கேட்டிருக்கிறார்.