விலை ஏறும்போது வரி என்ன செய்கிறது?

பெட்ரோல் பங்கில் மீட்டர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் யாராவது, "விலை ஏற ஏற அரசாங்கத்துக்குத்தான் லாபம்" என்பார். அது வரியை எப்படி விதித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் 2020 மே மாதம் வரை பெட்ரோலுக்கு வாட் வரி 34 சதவீதம். ஊரடங்கில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது அதை 15 சதவீதமும் லிட்டருக்கு 13 ரூபாய் 2 காசும் என்று மாற்றினார்கள். வரிக்கு முந்தைய விலை 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் வரி 17 ரூபாய், புதிய முறையில் 20 ரூபாய் 52 காசு. அதே விலை 90 ரூபாயானால் பழைய முறையில் 30 ரூபாய் 60 காசு, புதிய முறையில் 26 ரூபாய் 52 காசு. ஏறத்தாழ 68 ரூபாய் 50 காசுக்குக் கீழே புதிய முறை நமக்கு நஷ்டம், மேலே போனால் லாபம். 2021 ஆகஸ்டில் வரியைக் குறைத்து 13 சதவீதமும் 11 ரூபாய் 52 காசும் என்றாக்கியபோதும் இந்தக் கலப்பு முறையை விடவில்லை. நல்ல வேலை என்றே சொல்வேன். சதவீத வரி ஒன்றிய அரசின் கலால் வரி மீதும் சேர்ந்தே விழுகிறது; வரிக்கு வரி கட்டுகிறோம். நிலையான தொகையில் அந்தக் கொடுமை இல்லை. ஆனால் கச்சா எண்ணெய் மலிந்தாலும் அந்தத் தொகை இறங்காது என்பதையும் மறைக்கக் கூடாது.

இதே அசையாத குணம் சிகரெட்டில் கேடாக முடிகிறது. 2017 ஜூலையில் 65 மில்லிமீட்டருக்கு மேல் 70 வரை நீளமுள்ள ஃபில்டர் சிகரெட்டுக்கு, 5 சதவீதத்தோடு ஆயிரத்துக்கு 2,747 ரூபாய் செஸ் வைத்தார்கள். ஒன்றுக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 75 காசு. டீக்கடையில் சில்லறையாக 10 ரூபாய்க்கு விற்றால் அந்தத் தொகை விலையில் கால் பங்குக்கு மேல். 16 ரூபாயானால் ஆறில் ஒரு பங்கு. பல ஆண்டுகள் இந்தச் செஸ் அப்படியே கிடந்தது. பேரிடர் நிதிக்கான தனி வரியை இடையில் சற்று உயர்த்தினார்கள், அவ்வளவுதான். கூலி உயர்ந்தது, வரியின் பாரம் கரைந்தது.

அப்படியானால் சிகரெட்டுக்குச் சதவீத வரி மட்டும் போதுமே என்று கேட்கலாம். போதாது. மலிவான சிகரெட்டுக்கு வரியும் மலிவாகிவிடும். குடிப்பவர் விட மாட்டார், மலிவான பிராண்டுக்கு மாறிக்கொள்வார். நுரையீரலுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் சிகரெட்டுக்கு எண்ணிக்கைப்படி நிலையான வரியே சரி, ஆனால் அது ஆண்டுதோறும் ஏற வேண்டும். ஆஸ்திரேலியாவில் மார்ச்சிலும் செப்டம்பரிலும் சராசரி ஊதிய உயர்வைப் பார்த்து அது தானாகவே ஏறுகிறது. நம் சட்டத்திலும் அப்படி ஒரு விதி எழுதப்பட வேண்டும் என்றே கேட்கிறேன்.